சப்நெட் போக்குவரத்தை ஃபயர்வால் வழியே திருப்புதல்: அஷூர் ரூட் டேபிள்கள் குறித்து ஓர் ஆய்வு

மைக்ரோசாஃப்ட் அஷூரில் ஒரு வர்ச்சுவல் நெட்வொர்க்கை உருவாக்கிய உடனே அதிலுள்ள சப்நெட்கள் அனைத்தும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும். யாரும் ரவுட்டரை நிறுவ வேண்டியதில்லை, வழிகளை எழுத வேண்டியதில்லை. வழிகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டையும் சோதித்து அனுப்ப விரும்பும் நிறுவனத்துக்கு இந்த வசதிதான் முதல் தடையாகிறது. நெட்வொர்க்கின் நடுவே ஃபயர்வால் இயந்திரம் ஒன்றை நிறுத்தினால் மட்டும் எந்தப் பாக்கெட்டும் அதைத் தேடிப் போகாது. தானாக அமைந்த வழிகளை மீறிச் செல்லும் வழிகளை, சப்நெட் வாரியாக, ரூட் டேபிளில் எழுதித்தான் போக்குவரத்தை அங்கே திருப்ப முடியும்.

இதற்கு 0.0.0.0/0 என்ற ஒரே வரி போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த வரி இணையத்துக்குப் போகும் பாக்கெட்டுகளை மட்டுமே பிடிக்கிறது. மற்றவை எந்த வழியில் நழுவுகின்றன, திரும்பி வரும் பாக்கெட்டுகள் எந்தப் பாதையில் வருகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

தானாக வரும் வழிகள்

அஷூரில் சப்நெட்டின் முதல் முகவரி (உதாரணமாக 10.1.1.1) இயல்பு கேட்வேயாகக் காட்டப்பட்டாலும், அங்கே உண்மையில் ரவுட்டர் எதுவும் இல்லை. அந்த முகவரிக்குப் பிங் அனுப்பினால் பதில் வராது. வழி தேர்ந்தெடுக்கும் வேலையை, மெய்நிகர் இயந்திரத்தின் நெட்வொர்க் கார்டு மட்டத்தில், அஷூரின் மென்பொருளே செய்கிறது. ஆகவே ஒரே சப்நெட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு இயந்திரங்களுக்கு இடையிலான பாக்கெட்டும் ரூட் டேபிளைப் பார்த்தே செல்கிறது. சொந்த டேட்டா சென்டரில் பழகியவர்களுக்கு இது புதிது. அங்கே ஒரே சப்நெட்டுக்குள் போகும் பாக்கெட் ரவுட்டரைத் தொடுவதில்லை.

தானாக வரும் வழிகளில் முக்கியமானவை மூன்று. வர்ச்சுவல் நெட்வொர்க்கின் சொந்த முகவரித் தொகுதிக்கு ஒரு வழி உண்டு. பீரிங் மூலம் இணைந்த ஒவ்வொரு நெட்வொர்க்கின் தொகுதிக்கும் ஒரு வழி உண்டு. 0.0.0.0/0 என்ற இயல்பு வழி இணையத்தை நோக்கி இருக்கும். விபிஎன் அல்லது எக்ஸ்பிரஸ்ரூட் கேட்வே இருந்தால், அலுவலக நெட்வொர்க் பிஜிபி மூலம் அறிவிக்கும் தொகுதிகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

இத்தனை வழிகளுக்குள் எது பொருந்தும் என்பதை இரண்டு விதிகள் முடிவு செய்கின்றன. முதலாவது, பாக்கெட்டின் சேருமிடத்தை உள்ளடக்கும் வழிகளில் மிகக் குறுகிய தொகுதியைக் கொண்டதே வெல்லும். /24 இருக்கும்போது /16 தோற்கும், /16 இருக்கும்போது /0 தோற்கும். இரண்டாவது, இரண்டு வழிகளின் தொகுதி அச்சாக ஒன்றாக இருந்தால், பயனர் எழுதிய வழிக்கு முதலிடம், பிஜிபியில் கற்ற வழிக்கு அடுத்த இடம், தானாக வந்ததற்குக் கடைசி இடம். பயனர் எழுதிய வழி எப்போதும் வெல்லும் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. தொகுதி சமமாக இருந்தால்தான் அந்த முன்னுரிமை வேலை செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டு நெட்வொர்க்

விதிகள் நடைமுறையில் எப்படிச் செயல்படுகின்றன என்பதை ஒரு சிறிய அமைப்பில் பார்க்கலாம். 10.0.0.0/16 என்ற ஹப் நெட்வொர்க்கில் ஃபயர்வாலுக்கென்று 10.0.1.0/24 சப்நெட் உள்ளது. ஃபயர்வாலின் முகவரி 10.0.1.4. ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரிகளையும் கடைசி முகவரியையும் அஷூர் ஒதுக்கிக்கொள்வதால், பயன்படுத்தக்கூடிய முதல் முகவரி .4 ஆகத்தான் இருக்கும். அதே ஹப்பில் பொதுச் சர்வர்களுக்காக 10.0.3.0/24 சப்நெட்டும், அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் கேட்வேயும் உள்ளன. ஹப்போடு பீரிங் செய்யப்பட்ட ஸ்போக் நெட்வொர்க் 10.1.0.0/16. அதில் வெப் சர்வர்கள் 10.1.1.0/24 சப்நெட்டிலும், டேட்டாபேஸ் 10.1.2.0/24 சப்நெட்டிலும் இருக்கின்றன. அலுவலகம் 192.168.10.0/24 என்ற தொகுதியை பிஜிபியில் அறிவிக்கிறது.

வெப் சப்நெட்டுக்கான ரூட் டேபிளை உருவாக்கி, முதல் வரியை எழுதி, சப்நெட்டோடு பிணைப்பதற்கான கட்டளைகள் இவை:

```
az network route-table create -g rg-net -n rt-web \
  --disable-bgp-route-propagation true
az network route-table route create -g rg-net \
  --route-table-name rt-web -n default-fw \
  --address-prefix 0.0.0.0/0 \
  --next-hop-type VirtualAppliance \
  --next-hop-ip-address 10.0.1.4
az network vnet subnet update -g rg-net \
  --vnet-name vnet-spoke -n snet-web --route-table rt-web
```

ஒரு ரூட் டேபிளைப் பல சப்நெட்களோடு பிணைக்கலாம். ஆனால் ஒரு சப்நெட்டுக்கு ஒரு டேபிள்தான் இருக்க முடியும். பிணைத்த பிறகு அந்த டேபிள், சப்நெட்டிலிருந்து வெளியேறும் பாக்கெட்டுகளை மட்டுமே ஆளும். உள்ளே வரும் பாக்கெட்டின் பாதையை அனுப்பியவரின் டேபிள்தான் தீர்மானிக்கிறது.

முதல் வரி விட்டுவிடுபவை

மேற்கண்ட வரியோடு நிறுத்திக்கொண்டால், வெப் சர்வர் இணையத்துக்கு அனுப்புவது ஃபயர்வாலுக்குப் போகும். டேட்டாபேஸுக்கு அனுப்புவது போகாது. ஏனெனில் 10.1.2.5 என்ற முகவரிக்கு 0.0.0.0/0 பொருந்தினாலும், தானாக வந்த 10.1.0.0/16 அதைவிடக் குறுகியது. ஹப்பிலுள்ள பொதுச் சர்வருக்குப் போவதும் இப்படியே நழுவும், அங்கே பீரிங் தந்த 10.0.0.0/16 வெல்கிறது. தணிக்கையில், போக்குவரத்து அனைத்தும் ஃபயர்வால் வழியே செல்கிறது என்று எழுதித் தரப்படும் பல அமைப்புகளில் உள்ளக இணைப்புகள் ஃபயர்வால் லாகில் ஒருபோதும் தோன்றுவதில்லை. காரணம் இதுதான்.

இந்த ஓட்டைகளை அடைக்க, தானாக வந்த வழியின் தொகுதியையே அச்சாக எடுத்து எழுத வேண்டும். வெப் சப்நெட்டின் முழு டேபிள் இப்படி அமையும்:

```
0.0.0.0/0     VirtualAppliance  10.0.1.4
10.1.0.0/16   VirtualAppliance  10.0.1.4
10.0.0.0/16   VirtualAppliance  10.0.1.4
10.1.1.0/24   VnetLocal
```

நான்காவது வரி இல்லையென்றால், ஒரே சப்நெட்டிலுள்ள இரண்டு வெப் சர்வர்கள் தமக்குள் பேசுவதும் ஃபயர்வால் வழியே சுற்றிக்கொண்டுதான் வரும். சில இடங்களில் அதுவே தேவையாக இருக்கலாம். தேவையில்லாதபோது, சப்நெட்டின் சொந்தத் தொகுதிக்கு `VnetLocal` என்று எழுதி அதை விடுவிப்பதே முறை.

வரிகளைக் குறைக்க நினைத்து 10.0.0.0/8 என்று ஒரே வரியில் எழுதுவோர் உண்டு. அது பலிக்காது. பீரிங் தந்த /16 வழிகள் /8 வழியைவிடக் குறுகியவை, எனவே அவையே வெல்லும். டேபிளில் வரி இருக்கும், போர்ட்டலில் எந்தப் பிழையும் தெரியாது, போக்குவரத்து மட்டும் ஃபயர்வாலைத் தொடாமல் போய்க்கொண்டிருக்கும்.

இதைவிட ஆழமாக மறைந்திருப்பது பிரைவேட் எண்ட்பாயிண்ட். ஸ்டோரேஜ் அல்லது எஸ்கியூஎல் சேவைக்கு ஒரு பிரைவேட் எண்ட்பாயிண்டை உருவாக்கினால், அதன் முகவரிக்கு ஒரு /32 வழி அந்த நெட்வொர்க்கிலும், நேரடியாகப் பீரிங் செய்த நெட்வொர்க்குகளிலும் தானாகச் சேர்கிறது. /32 எல்லாவற்றையும் வெல்லும். எண்ட்பாயிண்ட் இருக்கும் சப்நெட்டில் `privateEndpointNetworkPolicies` என்ற அமைப்பை ரூட் டேபிள்களுக்காக இயக்கிய பிறகுதான், மேலே எழுதிய /16 வழி அந்த /32 வழியை ஒதுக்கித் தள்ள முடியும்.

திரும்பும் பாதை

ரூட் டேபிள் ஒரு திசையை மட்டுமே ஆளுகிறது. ஃபயர்வாலோ ஓர் இணைப்பின் இரண்டு திசைகளையும் பார்த்தால்தான் அதை முறையானதாக ஏற்கும். இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் மிக அதிகமான கோளாறுகள் பிறக்கின்றன.

வெப் சப்நெட்டில் மேற்கண்ட டேபிளைப் பிணைத்துவிட்டு, டேட்டாபேஸ் சப்நெட்டை அப்படியே விட்டதாகக் கொள்வோம். வெப் சர்வரின் SYN பாக்கெட் ஃபயர்வால் வழியே டேட்டாபேஸை அடைகிறது. டேட்டாபேஸின் SYN-ACK, அதன் சப்நெட்டில் தானாக இருக்கும் 10.1.0.0/16 வழியைப் பிடித்து நேராக வெப் சர்வருக்கு வந்துவிடுகிறது. அடுத்து வெப் சர்வர் அனுப்பும் ACK மீண்டும் ஃபயர்வாலுக்குப் போகிறது. SYN-ACK பாக்கெட்டையே பார்க்காத ஃபயர்வால், முறை தவறி வந்த பாக்கெட் என்று அதைக் கைவிடுகிறது. வெப் சர்வரைப் பொறுத்தவரை இணைப்பு கிடைத்துவிட்டது. ஆனால் முதல் கேள்வியை அனுப்பியதும் எல்லாம் உறைந்து நிற்கும். டேட்டாபேஸ் பக்கம் SYN-ACK திரும்பத் திரும்ப அனுப்பப்படுவது `tcpdump` வெளியீட்டில் தெரியும்.

டேட்டாபேஸ் பக்கம் மட்டும் டேபிளைப் பிணைத்தால் அறிகுறி மாறுகிறது. SYN நேராகப் போகும், SYN-ACK ஃபயர்வாலுக்கு வரும். அதற்கான தொடக்கத்தை ஃபயர்வால் பார்க்கவில்லை என்பதால் அங்கேயே அது கைவிடப்படும். வெப் சர்வருக்கு இணைப்பே கிடைக்காது. இணைப்பு கிடைத்த பிறகு உறைகிறதா, இணைப்பே கிடைக்கவில்லையா என்ற வேறுபாட்டை வைத்து, எந்தப் பக்கத்து டேபிள் விடுபட்டிருக்கிறது என்பதை ஊகிக்கலாம். முதல் நிலையில் பிங் சோதனை ஏமாற்றும். கேள்வி ஃபயர்வால் வழியாகவும் பதில் நேராகவும் வந்து, பிங் ஒழுங்காக வேலை செய்வதாகக் காட்டும். எனவே டிசிபி இணைப்பைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும்.

தீர்வு எளிது: பாதையின் இரு முனைகளிலும் எதிரெதிர் வழிகள் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் சப்நெட்டுக்குத் தனி டேபிள், ஹப்பின் பொதுச் சர்வர் சப்நெட்டுக்கு 10.1.0.0/16 தொகுதியை ஃபயர்வாலுக்குத் திருப்பும் வழி என்று ஒவ்வொரு சோடியையும் எழுதிச் சரிபார்க்க வேண்டும். பிரைவேட் எண்ட்பாயிண்டுக்குப் போவதற்கு மட்டும் ஃபயர்வாலில் மூல முகவரியை மாற்றி அனுப்புவது நல்லது, பதில் ஃபயர்வாலுக்கே திரும்பி வருவதை அது உறுதி செய்கிறது.

வெப் சர்வருக்குத் தனிப் பொது முகவரி இருந்தாலும் இதே சிக்கல் வரும். இணையத்திலிருந்து நேராக உள்ளே வரும் இணைப்பின் பதில், புதிய 0.0.0.0/0 வழியால் ஃபயர்வாலுக்குப் போய் அறுந்துவிடும். டேபிளைப் பிணைத்த கணத்திலேயே எஸ்எஸ்எச் அல்லது ரிமோட் டெஸ்க்டாப் துண்டிக்கப்படுவது இதனால்தான். பொது முகவரியை ஃபயர்வாலுக்கு நகர்த்தி, அங்கிருந்து உள்ளே திருப்புவதே நிலையான ஏற்பாடு.

அலுவலக இணைப்பும் கேட்வே சப்நெட்டும்

`rt-web` டேபிளை உருவாக்கும்போது பிஜிபி பரவலை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதை நிறுத்தாவிட்டால் 192.168.10.0/24 என்ற வழி வெப் சப்நெட்டுக்கும் வந்து சேரும். அது 0.0.0.0/0 வழியைவிடக் குறுகியது என்பதால், அலுவலகத்துக்குப் போகும் போக்குவரத்து ஃபயர்வாலைத் தாண்டி நேராகக் கேட்வேக்குப் போய்விடும். பரவலை நிறுத்தினால் வெப் சப்நெட்டுக்கு அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் ஃபயர்வாலிடம் ஒப்படைக்கும்.

ஃபயர்வால் சப்நெட்டில் நிலைமை நேர்மாறு. அலுவலகத்தை அடையும் வழி ஃபயர்வாலுக்குத் தெரிய வேண்டும், எனவே அங்கே பரவல் இயங்க வேண்டும். அலுவலகம் 0.0.0.0/0 வழியையும் பிஜிபியில் அறிவித்தால், ஃபயர்வாலின் இணையப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விடும். அதை விரும்பாதவர்கள் ஃபயர்வால் சப்நெட்டுக்கென்று ஒரு டேபிள் வைத்து, 0.0.0.0/0 வழிக்கு `Internet` என்று எழுதி வைக்கிறார்கள். `rt-web` போன்ற டேபிளை ஃபயர்வால் சப்நெட்டோடு பிணைப்பது பெரும் பிழை. ஃபயர்வால் வெளியே அனுப்பும் பாக்கெட், டேபிளின்படி ஃபயர்வாலுக்கே திரும்பி வந்து சுழன்றுகொண்டிருக்கும்.

அலுவலகத்திலிருந்து ஸ்போக்கை நோக்கி வருவதைக் கேட்வே சப்நெட்டின் டேபிள் தீர்மானிக்கிறது. அங்கே 10.1.0.0/16 தொகுதிக்கு அடுத்த நிறுத்தம் 10.0.1.4 என்று எழுத வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள் இங்கே பொருந்தும்: கேட்வே சப்நெட்டில் 0.0.0.0/0 வழியை எழுதக் கூடாது, அங்கே பிஜிபி பரவலை நிறுத்தவும் கூடாது. இவற்றில் எதைச் செய்தாலும் கேட்வேயே செயலிழக்கும்.

ஃபயர்வால் இயந்திரத்தில் செய்ய வேண்டியவை

தன் முகவரிக்கு வராத பாக்கெட்டைச் சாதாரண மெய்நிகர் இயந்திரம் ஏற்காது, பிறர் முகவரியிட்ட பாக்கெட்டை அனுப்பவும் அஷூர் அதை விடாது. இந்தத் தடையை நெட்வொர்க் கார்டில் நீக்க வேண்டும். லினக்ஸ் ஃபயர்வாலாக இருந்தால் இயங்குதளத்திலும் முன்னனுப்புதலை இயக்க வேண்டும்:

```
az network nic update -g rg-net -n nic-fw --ip-forwarding true
sysctl -w net.ipv4.ip_forward=1
```

ஒன்றைச் செய்து மற்றதை மறந்தால் விளைவு ஒன்றுதான், பாக்கெட் மறுமுனையை அடையாது. ஆனால் இடம் வேறு. `tcpdump` ஃபயர்வாலில் எதையுமே காட்டாவிட்டால், டேபிளையும் பீரிங்கையும் கார்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும். பாக்கெட் உள்ளே வருவது தெரிந்தும் வெளியேறுவது தெரியாவிட்டால், இயங்குதளத்தையோ ஃபயர்வால் விதியையோ பார்க்க வேண்டும்.

ஃபயர்வால் முன்னனுப்பும் பாக்கெட்டின் மூல முகவரி ஹப் நெட்வொர்க்கைச் சேர்ந்ததாக இருக்காது. ஆகவே பீரிங்கில் `--allow-forwarded-traffic` என்ற அனுமதியையும் இயக்க வேண்டும். இணையத்துக்குப் போகும் பாக்கெட்டுகளுக்கு ஃபயர்வால் தன் முகவரியை இட்டு அனுப்ப வேண்டும். உள்ளகப் போக்குவரத்துக்கு அப்படிச் செய்யாமல் விட்டால், உண்மையான மூல முகவரி லாகில் தெரியும்.

ஒற்றை ஃபயர்வால் விழுந்தால்

ரூட் டேபிளில் அடுத்த நிறுத்தம் வெறும் முகவரி மட்டுமே. அந்த முகவரியில் இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று டேபிள் பார்ப்பதில்லை. 10.0.1.4 நின்றுவிட்டால், பழைய வழிக்குத் திரும்பாமல் எல்லாப் பாக்கெட்டுகளும் அங்கேயே போய் மறையும். பாதுகாப்பு நோக்கில் இது சரியான நடத்தைதான், ஆனால் சேவை முழுவதும் நின்றுவிடும்.

இதற்கான வழக்கமான ஏற்பாடு, இரண்டு ஃபயர்வால்களை ஒரு ஸ்டாண்டர்ட் வகை உள்ளக லோடு பேலன்சரின் பின்னே நிறுத்தி, எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே விதியில் ஏற்கும்படி அமைத்து, அதன் முன்முகவரியை டேபிளில் அடுத்த நிறுத்தமாக எழுதுவது. லோடு பேலன்சரின் உயிர்ச்சோதனைகள் 168.63.129.16 என்ற முகவரியிலிருந்து வருகின்றன, ஃபயர்வால் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஃபயர்வாலில் இரண்டு கார்டுகளும் இரண்டு லோடு பேலன்சர்களும் இருந்தால், அதே முகவரியிலிருந்து இரு கார்டுகளுக்கும் சோதனை வரும். வந்த கார்டு வழியாகவே பதில் போகும்படி இயங்குதளத்தில் வழிகளை அமைக்காவிட்டால், நலமாக இருக்கும் ஃபயர்வாலும் செத்ததாகக் கணக்கிடப்படும். மேலும், இரு லோடு பேலன்சர்கள் ஒரே இணைப்பின் இரு திசைகளையும் ஒரே ஃபயர்வாலுக்கு அனுப்பும் என்று உறுதி இல்லை. ஒரே கார்டும் ஒரே லோடு பேலன்சரும் கொண்ட அமைப்பு இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

சரிபார்க்கும் முறை

எழுதிய டேபிளைப் பார்ப்பதால் பயன் குறைவு. கார்டில் உண்மையில் எந்த வழி நடப்பில் உள்ளது என்பதையே பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கட்டளை அதைக் காட்டும்:

```
az network nic show-effective-route-table \
  -g rg-net -n nic-web1 -o table
```

வெளியீட்டில் தானாக வந்த 10.1.0.0/16 வரி `Invalid` என்றும், பயனர் எழுதிய அதே தொகுதி `Active` என்றும் இருந்தால் ஓட்டை அடைபட்டுவிட்டது. `VNetPeering`, `VirtualNetworkGateway`, `InterfaceEndpoint` என்ற அடுத்த நிறுத்தங்களோடு `Active` நிலையில் வேறு வரிகள் இருக்கின்றனவா என்பதே அடுத்துப் பார்க்க வேண்டியது. ஒவ்வொன்றும் ஃபயர்வாலைச் சுற்றிச் செல்லும் ஒரு வழி. இந்தச் சோதனையை இணைப்பின் இரு முனைகளிலும் செய்ய வேண்டும்.

நடப்பிலுள்ள சேவையில் இந்த மாற்றத்தைக் கொண்டுவரும்போது வரிசை முக்கியம். டேபிள்களை முழுதாக எழுதி, ஃபயர்வால் விதிகளைத் தயார் செய்து, பிணைப்பதைக் கடைசியில் செய்ய வேண்டும். பிணைத்த கணத்தில் ஏற்கெனவே ஓடும் இணைப்புகளின் தொடக்கத்தை ஃபயர்வால் பார்த்திருக்காது என்பதால் அவை அறுபடும். இரு முனைகளின் டேபிள்களையும் அடுத்தடுத்து, வேலை குறைந்த நேரத்தில் பிணைப்பதே நடைமுறை. சிக்கல் வந்தால் பிணைப்பை நீக்கினாலே பழைய நிலை திரும்பிவிடும்.

பிற மேகங்களில்

அமேசானின் ஏடபிள்யூஎஸ் மேகத்தில் நெட்வொர்க்கின் சொந்தத் தொகுதிக்கான வழியைவிடக் குறுகிய வழியை எழுத 2021 ஆகஸ்ட் வரை இடமில்லை. சப்நெட்களுக்கு இடையே ஃபயர்வாலை நிறுத்துவது அதன்பின்தான் ரூட் டேபிள் மூலம் எளிதானது. அங்கே ஐபி முன்னனுப்புதலுக்கு இணையானது, மூல-சேருமிடச் சோதனையை நிறுத்துவது. பல ஃபயர்வால்களுக்கு 2020 நவம்பரில் வந்த கேட்வே லோடு பேலன்சர் உதவுகிறது. கூகுள் மேகத்தில் சப்நெட் வழிகளைச் சாதாரண நிலை வழிகளால் மீற முடியாது, அதனால் ஃபயர்வாலின் இருபுறமும் தனித்தனி நெட்வொர்க்குகளை வைப்பதே வழக்கமான அமைப்பு. பெயர்களும் தடைகளும் மாறினாலும், குறுகிய தொகுதி வெல்லும் என்ற அடிப்படை மாறுவதில்லை.

ஆகவே ஃபயர்வால் வழியே எல்லாம் செல்கிறது என்ற கூற்றை 0.0.0.0/0 வரியைக் காட்டி நிறுவ முடியாது. ஒவ்வொரு சப்நெட்டிலும் நடப்பு வழிகளை எடுத்து, ஃபயர்வாலைச் சுட்டாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி வைத்திருப்பதும், ஃபயர்வாலைச் சுட்டும் ஒவ்வொரு வரிக்கும் எதிர்த்திசை வழியைச் சரிபார்த்திருப்பதுமே அந்தக் கூற்றுக்கு ஏற்கத்தக்க சான்று.